முதல் வரியில் நேர்மை: ஆன்மிகக் குறுங்காணொளியின் தொடக்கம்

ஆன்மிகக் குறுங்காணொளியின் தொடக்க வரிக்கு ஏறக்குறைய மூன்று விநாடி அவகாசம் உண்டு. கைபேசித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஷார்ட்ஸையும் ரீல்ஸையும் பார்ப்பவர், ஒவ்வொன்றிலும் நிற்பதா தள்ளுவதா என்று அதற்குள் முடிவு செய்துவிடுகிறார். நிதானமாகப் பேசுகிறவர் தமிழில் நிமிடத்துக்கு நூறு, நூற்றுப்பத்துச் சொற்கள் சொல்வார். அப்படியானால் மூன்று விநாடியில் ஐந்தாறு சொற்கள்தான் சொல்ல முடியும். கொஞ்சம் நீட்டினாலும் எட்டு அல்லது ஒன்பது சொற்களுக்குள் தொடக்கம் முடிந்துவிட வேண்டும். அந்தச் சில சொற்களில் ஒரு சமயக் கருத்துக்குள் நுழைய வழி செய்வதும், அதை விலைபேசாமல் இருப்பதும்தான் எழுதுபவரின் வேலை.

இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூன் இறுதியில் தடைசெய்யப்பட்டது. அடுத்த சில வாரங்களில் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே வந்தன. உபந்நியாசம், பிரசங்கம், பயான் என்று ஒரு மணி நேரம் பேசிப் பழகியவர்கள் ஒரு நிமிடத்துக்குள் பேச வேண்டியதாயிற்று. 2024 அக்டோபரில் ஷார்ட்ஸின் நீளம் மூன்று நிமிடமாக உயர்ந்தது. ஆனால் முதல் வரிக்கான அவகாசம் நீளவில்லை. இந்த நெருக்கடியில்தான் பலர் தூண்டில் வரிகளைக் கையில் எடுத்தார்கள்.

தூண்டில் வரி புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஓரங்களில் மஞ்சள் தடவிய அஞ்சலட்டைகள் வீடு தேடி வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். இன்ன தெய்வத்தின் மகிமை இது, இத்தனை பேருக்கு எழுதிப் போட்டால் நல்லது நடக்கும், கிழித்துப் போட்டவர் வியாபாரத்தில் நொடித்துப் போனார் என்று அதில் எழுதியிருக்கும். இன்றைய காணொளிகளில் கேட்கும் ‘தள்ளிவிடாதீர்கள், சுவாமியே உங்களைத் தேடி வந்திருக்கிறார்’, ‘மூன்று பேருக்கு அனுப்பினால் இன்று மாலைக்குள் நல்ல செய்தி’ போன்றவை அந்த அட்டையின் வாரிசுகள். பயம், பலன், ரகசியம், பகிரச் சொல்லும் கட்டளை ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றின் மேல்தான் தூண்டில் வரி நிற்கும். இவற்றில் நான்காவதை ஃபேஸ்புக் நிறுவனமே 2017 டிசம்பரில் குறிவைத்தது. ‘பகிருங்கள்’, ‘லைக் போடுங்கள்’ என்று கெஞ்சியும் மிரட்டியும் எழுதும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக அறிவித்தது. மற்ற மூன்றையும் கண்டுகொள்வது எழுதுபவரின் பொறுப்பில்தான் இருக்கிறது.

சினிமாச் செய்தியில் தூண்டில் வரி வந்தால் பார்ப்பவருக்கு அரை நிமிடம் வீணாகும். உபதேசத்தில் வந்தால் உபதேசமே மாறிவிடுகிறது. பலன் கருதாமல் செய் என்பதை விளக்கும் காணொளி ‘இதைச் செய்தால் பணம் கொட்டும்’ என்று தொடங்கினால், பின்னால் வரும் ஐம்பது விநாடி விளக்கமும் முதல் வரிக்கு எதிராகவே பேசிக்கொண்டிருக்கும். கேட்பவரின் மனத்தில் தங்குவதோ முதல் வரிதான்.

அப்படியானால் ஆவலே தூண்டக்கூடாதா என்ற கேள்வி எழும். தாராளமாகத் தூண்டலாம். தனக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதை ஒருவர் உணரும்போது ஆவல் பிறக்கிறது என்று அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-ல் விளக்கினார். அந்த இடைவெளியை இரண்டு விதமாக உண்டாக்கலாம். சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைத்து வைப்பது ஒரு விதம். ‘ஒரே ஒரு சொல், உங்கள் வாழ்க்கையே மாறும்’ என்பது இந்த ரகம். எந்தச் சொல், யார் சொன்னது, எதைப் பற்றியது என்று ஒன்றும் தெரியாது. உபதேசத்துக்குள் இயல்பாகவே இருக்கும் ஒரு முடிச்சைக் காட்டுவது இன்னொரு விதம். அங்கே எதுவும் மறைக்கப்படுவதில்லை. விஷயம் முழுதாகக் கண்முன் இருக்கும், ஆனாலும் ‘அது எப்படி?’ என்று கேட்கத் தோன்றும். நேர்மையான தொடக்க வரிகள் அனேகமாக இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

முடிச்சைத் தேடும் பழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. வைணவ உரைகளில் பாசுரத்துக்குப் பொருள் சொல்லத் தொடங்கும் முன் ‘அவதாரிகை’ என்றொரு முன்னுரை வரும். நாலாயிரத்துக்கும் உரை கண்ட பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்கியானங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். முந்தைய பாசுரத்தில் ஆழ்வார் ஒன்று சொன்னார், அதைக் கேட்டவருக்கு இப்படி ஓர் ஐயம் வரலாம், அதற்குப் பதிலாக இந்தப் பாசுரம் பிறந்தது என்று சில வாக்கியங்களில் களம் அமைத்துவிடுவார்கள். பாசுரத்தை வானளாவப் புகழ்வதற்கான இடமாக அவர்கள் அதை நினைக்கவில்லை. எந்தக் கேள்விக்கு இது விடை என்று காட்டுவதே அதன் வேலை. குறுங்காணொளியின் முதல் வரிக்கு இதைவிட நல்ல முன்மாதிரி தேவையில்லை.

இதை ஓர் உதாரணத்தில் முழுதாகப் பார்க்கலாம். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகே இருக்கும் திருக்கோஷ்டியூர், நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. ஸ்ரீராமானுஜர் உபதேசம் பெறுவதற்காகத் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை இந்த ஊருக்கு நடந்து வந்தார் என்பது மரபு. கடைசியில் திருக்கோஷ்டியூர் நம்பி மனமிரங்கி உபதேசித்தார். தகுதி பாராமல் எவருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம் என்ற நிபந்தனையும் அதோடு வந்தது. ராமானுஜரோ கூடியிருந்தவர்களுக்கு அதைச் சொல்லிவிட்டார். நம்பி கோபித்துக் கேட்டபோது, நான் ஒருவன் நரகம் புகுந்தாலும் இவர்கள் எல்லோரும் கரையேறுவார்களே என்றார். நம்பி அவரைத் தழுவிக்கொண்டு ‘எம்பெருமானார்’ என்று அழைத்தார். இந்தக் கதையை ஒரு நிமிடத்தில் சொல்லி, அதன் உட்பொருளை விளக்க வேண்டும். அதற்கு முதல் வரி எது?

வரியைத் தேடுவதற்கு முன், இந்தக் காணொளி சொல்லித்தரப் போவது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பலர் தாண்டிப்போகும் படி இதுதான், பெரும்பாலான கோளாறுகளும் இங்கேதான் தொடங்குகின்றன. மேலே சொன்னது கதை மட்டுமே. அதன் உட்பொருள் என்ன என்பதற்கு மணவாள மாமுனிகளின் உபதேசரத்தினமாலை வழிகாட்டுகிறது. முன்னோர் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் உபதேசித்து வந்தார்கள், ராமானுஜர் அந்த வரம்பை நீக்கி ஆசை உள்ள எல்லோருக்கும் சொல்லச் செய்தார் என்று அந்த நூல் கூறுகிறது. ஆகவே காணொளியின் கருத்தை ‘உபதேசம் பெற ஆசை ஒன்றே தகுதி, அதற்காக ராமானுஜர் தம்மையே பணயம் வைத்தார்’ என்று எழுதிக்கொள்ளலாம். இனி எந்தத் தொடக்க வரியையும் இந்த வாக்கியத்தோடு ஒட்டிப் பார்க்க முடியும்.

முதலில் கைக்கு வருவது இப்படி இருக்கும்: ‘யாருக்கும் சொல்லக்கூடாத ரகசிய மந்திரம்! கடைசி வரை பாருங்கள்.’ இதைக் கேட்பவர் மந்திரத்துக்காகக் காத்திருப்பார். காணொளியோ மந்திரம் ஏன் எல்லோருக்கும் உரியது என்று பேசப்போகிறது. எட்டெழுத்து கோயில் சுவர்களிலேயே எழுதியிருக்கிறது, அதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. திருமந்திரம், த்வயம், சரம சுலோகம் மூன்றையும் ரகசியத்ரயம் என்று சொல்வது சம்பிரதாயத்தில் உண்டுதான். ஆனால் திரையில் அந்தச் சொல்லைக் கேட்பவர் எதிர்பார்ப்பது வேறு. பூட்டைத் திறந்துவிட்டவரைப் பற்றிய காணொளியைப் பூட்டைக் காட்டி விற்பது கதைக்கே எதிரானது.

‘இந்த எட்டெழுத்தைச் சொன்னால் கடன் தீரும்’ என்பது அடுத்தது. இந்தக் கதையில் கடனும் இல்லை, வியாபாரமும் இல்லை. பேசப்படுவது முழுக்க மோட்சத்தைப் பற்றியது. ஆகவே இது மிகைப்படுத்தல் என்று கூடச் சொல்ல முடியாது, பொய் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வகை கொஞ்சம் நுட்பமானது: ‘குருவுக்கே துரோகம் செய்தாரா ராமானுஜர்?’ கேள்விக்குறி இருப்பதால் பொய் சொன்னதாக ஆகாது என்று எழுதுபவர் நினைத்துக்கொள்கிறார். ஆனால் இல்லை என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி இது. காணொளியை முழுதாகப் பார்க்காமல் தள்ளியவரின் மனத்தில் பதில் தங்காது, துரோகம் என்ற சொல் மட்டும் தங்கும். ஒரு மகானைப் பற்றிய அவதூறாக அது கடைசியில் யாரிடமாவது போய்ச் சேரும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி உண்டு. ‘ஸ்ரீராமானுஜர் 1017-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தார்’ என்று தொடங்கினால் மரபுக்கணக்கின்படி அது சரியான தகவல். தூண்டிலின் சாயல்கூட அதில் இல்லை. ஆனால் காணொளியின் கருத்தோடு அதற்குத் தொடர்பும் இல்லை. கேள்வி எதையும் எழுப்பாததால் பார்ப்பவர் நிற்பதற்குக் காரணம் கிடைக்காது. மங்கள சுலோகம், அறிமுகம், ‘அனைவருக்கும் வணக்கம், நம் சேனலுக்கு வரவேற்கிறோம்’ எல்லாம் இதே வகைதான். மரியாதை வேண்டும் என்றால் அது சொல்லும் தொனியில் இருக்கட்டும், முதல் மூன்று விநாடியை அதற்குச் செலவிடக் கூடாது.

இனி முடிச்சைப் பார்க்கலாம். பதினெட்டு முறை நடந்து பெற்ற ஒன்றை ஒரே நாளில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார் என்பது ஒரு முடிச்சு. சொன்னால் தமக்கு நரகம் என்று தெரிந்தே சொன்னார் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உட்பொருளுக்கு நெருக்கமானது. அவர் ஏன் சொன்னார் என்ற கேள்விக்கு விடை சொல்லப் போனால் அந்தக் கருத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஆகவே வரி இப்படி அமையும்: ‘சொன்னால் நரகம் என்று தெரிந்தும் ராமானுஜர் சொன்னார். ஏன்?’ ஏழு சொற்கள். யாரைப் பற்றியது, என்ன நடந்தது, எது புதிர் எல்லாம் இதில் வந்துவிட்டன. ஒளித்து வைத்தது ஒன்றும் இல்லை. அடுத்த வரியே ‘திருக்கோஷ்டியூர் நம்பி அவருக்கு உபதேசித்தபோது ஒரு நிபந்தனை போட்டார்’ என்று விடையை நோக்கி நடக்கத் தொடங்க வேண்டும். முப்பதாவது விநாடி வரை இழுத்தடித்தால் நல்ல வரியும் தூண்டிலாகிவிடும்.

நரகம் என்ற சொல் இருப்பதால் இதுவும் பயம் காட்டுவதுதானே என்று கேட்கலாம். அந்த நரகம் யாருக்கு என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். பயமுறுத்தும் வரிகளில் ஆபத்து பார்ப்பவருக்கு வரும், தள்ளினால் அவருக்குக் கெடுதல் என்பார்கள். இங்கே ஆபத்து ராமானுஜருக்கு, அதையும் அவரே விரும்பி ஏற்றுக்கொள்கிறார். பார்ப்பவர் மீது எந்த நிர்ப்பந்தமும் விழுவதில்லை.

சொல்லின் துல்லியமும் இங்கே கவனிக்க வேண்டியது. ‘கோபுரத்தின் மேல் ஏறி மந்திரத்தை ஊருக்கே சொன்னார்’ என்று தொடங்கினால் கண்முன் காட்சி விரியும், கேட்கவும் நன்றாயிருக்கும். ஆனால் மரபுக்குள்ளேயே இந்த நிகழ்ச்சி ஒரே விதமாகச் சொல்லப்படவில்லை. கோபுரம் சில சொல்முறைகளில் வருகிறது. சிலவற்றில் அவர் கோயிலுக்குள் கூடியிருந்த அடியார்களிடம் சொல்கிறார். உபதேசிக்கப்பட்டது திருமந்திரத்தின் பொருளா, சரம சுலோகத்தின் பொருளா என்பதிலும் வேறுபாடு உண்டு. எல்லாச் சொல்முறைகளுக்கும் பொதுவாக நிற்பது, தடை இருந்தும் அவர் சொன்னார் என்பது மட்டுமே. முதல் வரி அந்தப் பொதுவான இடத்தில் கால் ஊன்றினால் பிறகு தடுமாற வேண்டியதில்லை. கோபுரம் வேண்டுமென்றால் நடுவில் ‘கோபுரத்தின் மேல் ஏறிச் சொன்னதாகவும் சொல்வார்கள்’ என்று வரட்டும். ‘குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது’ என்று ஆதாரத்தைச் சொல்வதும் முதல் பத்து விநாடிக்குள் வந்துவிடுவது நல்லது.

தமிழ் வாக்கிய அமைப்பு தொடக்க வரிக்குத் தனியாக ஒரு சிக்கலைத் தருகிறது. வினைமுற்று கடைசியில் வருவதால், அடைமொழிகளை அடுக்கினால் யார் என்ன செய்தார் என்பது தெரிவதற்குள் மூன்று விநாடி போய்விடும். ‘திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து சென்று பெரும்பாடுபட்டுப் பெற்ற உபதேசத்தை வெளியே சொல்லக்கூடாது என்ற குருவின் ஆணையையும் மீறி...’ என்று போகும் வாக்கியத்தில் ராமானுஜர் வருவதற்குள் பார்ப்பவர் போயிருப்பார். இதற்கு மாற்று, வாக்கியத்தை இரண்டாக வெட்டுவது. நிகழ்ச்சியை ஒரு சிறு வாக்கியத்தில் முடித்துவிட்டு, கேள்வியைத் தனியே ஒற்றைச் சொல்லாக நிறுத்தலாம். பேச்சில் அந்த இடத்தில் இயல்பாகவே ஒரு மூச்சு இடைவெளி விழும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு என்பதால் அதே வரி எழுத்திலும் வர வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, திரையின் அகலத்தில் ஒரு வரிக்கு மூன்று சொற்களுக்கு மேல் வைத்தால் எழுத்து சிறுத்துப்போகும். கீழே தலைப்பும் வலப்புறம் லைக் பொத்தான்களும் மறைக்கும் என்பதால் எழுத்தை நடுவுக்குச் சற்று மேலே வைப்பது வழக்கம்.

இந்த முறை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதல்ல. மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமை வருகிறது. காலையிலிருந்து வெயிலில் உழைத்தவர்களுக்கும் கடைசி ஒரு மணி நேரம் வந்தவர்களுக்கும் முதலாளி ஒரே கூலி கொடுக்கிறார். ‘கடவுளின் கருணை அளவற்றது’ என்று தொடங்கினால் கேட்பவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். ‘ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழுநாள் கூலி. இது நியாயமா?’ என்று தொடங்கினால், உவமைக்குள் அந்த வேலையாட்களே முணுமுணுக்கும் கேள்வி அது. எழுதுபவர் வெளியிலிருந்து எதையும் சேர்க்கவில்லை. ‘துரோகம் செய்தாரா’ என்ற கேள்விக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அது கதையின் மேல் ஒட்டவைத்த கேள்வி, இது மூலத்திலேயே இருக்கும் கேள்வி.

சஹீஹ் புகாரியின் முதல் ஹதீஸ், செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பது. இதற்கு முடிச்சு அந்த ஹதீஸுக்குள்ளேயே உதாரணமாக வரும் ஹிஜ்ரத்தில் இருக்கிறது. ‘இருவர் ஒரே பயணம் போனார்கள். இருவருக்கும் ஒரே கூலி இல்லை’ என்று தொடங்கி, ஒருவர் இறைவனுக்காகவும் மற்றவர் உலக லாபத்துக்காகவும் போனதை விளக்கலாம். ஹதீஸ் என்றால் எந்தத் தொகுப்பில் உள்ளது என்பதையும் திரையில் காட்டிவிட வேண்டும். ஆதாரம் கேட்கும் பழக்கம் அந்த மரபின் இயல்பு, அதைக் காட்டாத காணொளியை விவரம் அறிந்தவர்கள் நம்புவதில்லை.

வரி சரியாக அமைந்ததா என்று பார்க்க முதல் வழி, காணொளியைக் கடைசி வரை பார்த்துவிட்டு அதன் முதல் வரியை மறுபடி வாசிப்பது. முழுதும் தெரிந்த பிறகும் அது உண்மையாக, இன்னும் கொஞ்சம் பொருளோடு ஒலித்தால் சரி. ‘இதற்கா இவ்வளவு?’ என்று தோன்றினால் தவறு. அந்தச் சம்பிரதாயத்தில் ஊறிய ஒருவரிடம் முதல் வரியை மட்டும் தனியாகப் படித்துக் காட்டுவது இரண்டாவது வழி. அவர் முகம் சுளித்தால் எங்கே இடிக்கிறது என்று கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் காரணமாக இருக்கும்.

வெளியிட்ட பிறகு எண்களும் பேசும், ஆனால் எந்த எண் என்று பார்க்க வேண்டும். 2025 மார்ச் இறுதியிலிருந்து ஷார்ட்ஸில் காணொளி ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வையாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே பார்வை எண்ணிக்கை வரியின் தரத்தைச் சொல்லாது. எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் தள்ளினார்கள் என்ற கணக்கும், ஒவ்வொரு விநாடியிலும் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று காட்டும் கோடும்தான் பயன்படும். தூண்டில் வரியின் கோடு உயரத்தில் தொடங்கி, வாக்களித்தது வரப்போவதில்லை என்று தெரியும் இடத்தில் சரியும். சப்பையான வரியில் சரிவு தொடக்கத்திலேயே இருக்கும். நல்ல வரியில் முதல் விநாடிகளில் கொஞ்சம் இழப்பு இருக்கும், பிறகு கோடு சீராகப் போகும். கருத்துகளையும் படிக்க வேண்டும். திருக்கோஷ்டியூர்க் காணொளியின் கீழே ‘மந்திரம் என்னன்னு சொல்லவே இல்லையே’ என்று பலர் எழுதினால் முதல் வரி அவர்களுக்கு வேறு எதையோ வாக்களித்திருக்கிறது. ‘குரு சொல்லை மீறலாமா?’ என்று விவாதித்தால் வரி தன் வேலையைச் செய்திருக்கிறது.

தூண்டில் வரிக்கு நிற்கும் கூட்டம் நேர்மையான வரிக்கு நிற்காமல் போகலாம். அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி உபதேசத்துக்காக வந்ததல்ல என்பதால் அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். முடிச்சு கிடைக்காத விஷயங்களும் இருக்கின்றன. சரணாகதியில் மனிதனின் முயற்சிக்கு இடம் உண்டா என்பதில் வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள வேறுபாட்டை எட்டுச் சொற்களில் தொடங்கினால், அனேகமாக ஏதாவது ஒரு தரப்பைக் கேலி செய்வதில் போய் முடியும். அப்படிப்பட்டதை நீண்ட உரைக்கு விட்டுவிட்டு, அதில் வரும் ஒரு சிறு பகுதியை மட்டும் குறுங்காணொளிக்கு எடுத்துக்கொள்வது நல்லது.

தலைப்பு, முகப்புப் படம், விவரக்குறிப்பு மூன்றும் முதல் வரியோடு ஒத்துப்போகிறதா என்பது கடைசியாகப் பார்க்க வேண்டியது. எழுதுபவர் பார்த்துப் பார்த்து எழுதிய வரிக்கு மேலே, படத்தொகுப்பு செய்பவர் சிவப்பு எழுத்தில் ‘அதிர்ச்சி!’ என்று போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதோடு, காணொளியின் முதல் சில விநாடிகளை மட்டும் வெட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பவர்கள் உண்டு. அப்போது கேள்வி மட்டும் பரவும், விடை பரவாது. விடையில்லாமல் போனாலும் யாரையும் பழிக்காத, எதையும் பொய்யாக வாக்களிக்காத வரியாக அது இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளியிட வேண்டும்.